கையெழுத்துக்கு முன் ஒரு பக்கம்

சென்னையில் வாடகைக்கு வீடு பார்ப்பவர் வாடகை, அட்வான்ஸ், தண்ணீர் வசதி, வண்டி நிறுத்தும் இடம் என்று நாள் கணக்கில் பேசுவார். பேச்செல்லாம் முடிந்தபின் வருகிற ஒப்பந்தப் பத்திரத்தைப் படிக்க மட்டும் ஐந்து நிமிடத்துக்கு மேல் யாரும் ஒதுக்குவதில்லை. அந்தப் பத்திரம் பெரும்பாலும் தட்டச்சுக் கடையிலோ தரகரின் கணினியிலோ ஏற்கெனவே இருக்கிற ஒரு மாதிரிதான். பெயர், முகவரி, தொகை, தேதி நான்கும் மாறும், மற்றதெல்லாம் அப்படியே அச்சாகி வரும். ஆங்கிலத்தில் இருந்தால் ஒரே வாக்கியம் அரைப்பக்கம் ஓடும். தமிழில் இருந்தாலும் “நம்மில் இரண்டாவது பார்ட்டியானவர் மேற்படி சொத்தை எவ்வித ஆட்சேபணையுமின்றி முதல் பார்ட்டி வசம் சுவாதீனம் ஒப்படைக்க வேண்டியது” என்கிற பழைய பத்திர நடையில்தான் இருக்கும். குடிவருபவருக்கு அது புரியாது என்பது எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்காரருக்கும் அது முழுதாகப் புரிவதில்லை என்பதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை. அந்த மாதிரியை அவரும் எழுதவில்லை, அவருக்கும் அது கடையிலிருந்து வந்ததுதான்.

இதற்கு மருந்தாக, ஒவ்வொரு ஷரத்தையும் எளிய தமிழில் ஒரு பக்கத்துக்குச் சுருக்கி எழுதி, இருவரும் படித்துவிட்டுக் கையெழுத்திடுவது நல்லது என்று பலரும் சொல்கிறார்கள். யோசனை சரியானதுதான். ஆனால் அந்தச் சுருக்கத்தின் வேலை கடினமான சொல்லை எளிய சொல்லாக மாற்றித் தருவது மட்டும்தான் என்று எண்ணினால் பாதிப் பயன் போய்விடும். வாடகைத் தகராறுகளில் பெரும்பங்கு, எழுதியதைத் தவறாகப் புரிந்துகொண்டதால் எழுவதில்லை. எழுதாமல் விட்டதை ஆளுக்கொரு விதமாக நிரப்பிக்கொள்வதால் எழுகிறது. பத்திர நடையின் கனத்தில் இந்த வெற்றிடங்கள் கண்ணில் படுவதில்லை. “யார், எவ்வளவு, எந்தத் தேதிக்குள், செய்யாவிட்டால் என்ன” என்ற நான்கு கேள்விகளுக்கும் எளிய தமிழில் பதில் எழுத உட்காரும்போதுதான் ஷரத்தில் பதிலே இல்லை என்பது தெரியவரும். அந்த ஓட்டைகளைக் கையெழுத்துக்கு முன்பே வெளியே கொண்டுவருவதுதான் சுருக்கத்தின் முதல் வேலை.

அட்வான்ஸ் ஷரத்தை எடுத்துக்கொள்வோம், சண்டை அதிகம் மூள்வது அங்கேதான். மாத வாடகை ரூ.15,000, அட்வான்ஸ் பத்து மாத வாடகையான ரூ.1,50,000 என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான மாதிரிகளில் ஷரத்து இப்படி இருக்கும்: குடியிருப்பவர் காலி செய்யும்போது வாடகை பாக்கி, மின்கட்டணம், சேதாரம், வர்ணம் பூசும் செலவு ஆகியவை போக மீதியை உரிமையாளர் வட்டியின்றித் திருப்பிக் கொடுக்க வேண்டியது. படித்தால் முழுமையாகத்தான் தோன்றும். இனி நான்கு கேள்விகளையும் போட்டுப் பாருங்கள். மீதியை எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும்? ஷரத்தில் இல்லை. சேதாரத்தை மதிப்பிடுவது யார், எதைச் சேதாரம் என்று கொள்வது? இல்லை. வர்ணம் பூச உண்மையில் ஆன செலவா, ஒரு மாத வாடகையா? அதுவும் இல்லை. தாமதமானால் என்ன என்பதைப் பற்றியோ பேச்சே இல்லை. குடியிருந்தவர் தன் கணக்கில் கடைசி மின்கட்டணம் ரூ.2,300 போக ரூ.1,47,700 வரும் என்று காத்திருப்பார். வீட்டுக்காரரோ வர்ணத்துக்கு ஒரு மாத வாடகை ரூ.15,000, கீறிய கதவுக்கும் உடைந்த வாஷ்பேசினுக்கும் ரூ.8,000, மின்கட்டணம் ரூ.2,300 என்று கழித்து ரூ.1,24,700 என்பார். ரூ.23,000 வித்தியாசம். இருவரில் யாரும் பொய் சொல்லவில்லை, ஒரே வரியில் ஆளுக்கொரு தொகையைப் படித்திருக்கிறார்கள்.

இந்த ஷரத்துக்கு எளிய சுருக்கம் எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும்: “சாவியை ஒப்படைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தருவார். புதுக் குடித்தனம் வந்ததா இல்லையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வாடகை பாக்கி, மின்கட்டணப் பாக்கி இரண்டையும் ரசீதைக் காட்டிக் கழிப்பார். சுவர் எவ்வளவு கறைபட்டிருந்தாலும் பெயிண்டுக்கு ரூ.7,500க்கு மேல் கழிக்க மாட்டார். உடைந்த பொருளுக்கு, குடிவந்த நாளில் எடுத்த படங்களோடு ஒப்பிட்டு, பழுதுபார்த்த பில்லைக் காட்டிக் கழிப்பார்.” இதில் புதுக் குடித்தனத்தைப் பற்றிய வாக்கியத்தை நான் வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். வாங்கிய அட்வான்ஸைச் செலவழித்துவிட்டு, அடுத்து வருபவரின் அட்வான்ஸில் இவருக்குக் கொடுப்பது நம் ஊரில் பரவலான நடைமுறை. அடுத்தவர் வர மூன்று மாதமானால் இவர் மூன்று மாதம் அலைய வேண்டியிருக்கும். மறுபக்கம், கடைசி இரண்டு மூன்று மாத வாடகையைக் கொடுக்காமல் “அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிடும் குடித்தனக்காரர்களும் உண்டு. அப்போது சேதாரத்துக்கென்று வைத்திருந்த பணம் கரைந்து, வீட்டுக்காரர் கையில் பிடிமானம் இல்லாமல் போகிறது. அதனால் “கடைசி மாதங்களின் வாடகையை அட்வான்ஸில் கழிக்கச் சொல்லக் கூடாது” என்ற வரியும் அதே பத்தியில் வர வேண்டும்.

சட்டம் இந்த இடத்தில் சும்மா இல்லை. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, நில உரிமையாளர்கள், குத்தகைதாரர்கள் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றும், காலி செய்த ஒரு மாதத்துக்குள் கழிக்க வேண்டியதைக் கழித்து மீதியைத் திருப்பிவிட வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஆனால் முன்பண வரம்பைச் சொல்லும் அதே பிரிவு, ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் தவிர என்ற வாசகத்தோடுதான் தொடங்குகிறது. பத்து மாதம் என்று எழுதிக் கையெழுத்திட்டவர் பின்னர் மூன்று மாத வரம்பைக் காட்டி எளிதில் வாதாட முடியாது. கையெழுத்துக்கு முன் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை. சட்டம் தரும் பாதுகாப்பை, படிக்காமல் போடுகிற ஒரு கையெழுத்தே விலக்கிவிடக்கூடும். ஆகவே சுருக்கத்தில் “சட்டப்படி வழக்கமான அளவு மூன்று மாதம், நாங்கள் இருவரும் தெரிந்தே பத்து மாதத்துக்கு ஒப்புக்கொள்கிறோம்” என்ற வரி இருப்பதுதான் நேர்மை. அந்த வரியை எழுதக் கூச்சமாக இருந்தால், தொகையைப் பற்றி மறுபடி பேச வேண்டும் என்று பொருள்.

வர்ணமும் பழுதும் அடுத்த வெற்றிடம். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை இந்த வேலைகளைப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. கட்டட அமைப்பைச் சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வர்ணம், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, மின் ஒயரிங் ஆகியவை உரிமையாளர் பக்கம். பைப் வாஷர், கழிவுநீர்ப் பாதை அடைப்பு, கழிப்பறை, வாஷ்பேசின், கீசர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை போன்றவை குடியிருப்பவர் பக்கம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி பிரித்துக்கொள்ளவும் இடமுண்டு. ஆக, காலி செய்யும்போது வர்ணத்துக்கென்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது சட்டம் சொன்ன விதி அல்ல. ஒப்புக்கொண்டால் மட்டுமே பிடிக்கலாம். மாதிரிப் பத்திரத்தில் “சிறு பழுதுகளைக் குடியிருப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டியது” என்ற ஒற்றை வரியை வைத்து இதையெல்லாம் முடித்துவிடுகிறார்கள். சுவருக்குள் ஓடும் குழாய் கசிந்தால் அது சிறு பழுதா? மோட்டார் எரிந்துபோனால்? சுருக்கத்தில் அந்த வீட்டில் உண்மையில் இருக்கிற பொருள்களின் பெயரைச் சொல்லியே எழுத வேண்டும்: மோட்டார், மேல்தொட்டி, கீசர், சிம்னி, ஏசி என்று. இதில் கஞ்சத்தனம் கூடாது, ஐந்து வரி அதிகமானாலும் பரவாயில்லை. அதோடு சாதாரணத் தேய்மானம் சேதாரத்தில் சேராது என்ற வரியும் வேண்டும். ஆணி அடித்த துளையும், மூன்று ஆண்டில் மங்கிய சுவரும், உடைத்த கதவும் ஒரே வகை அல்ல.

காலத்தைப் பற்றிய ஷரத்தைப் பெரும்பாலோர் புரிந்துகொண்டதாகவே நினைக்கிறார்கள். “பதினோரு மாதம்” என்பது எல்லோருக்கும் பழக்கமான சொல். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் கட்டாயம் பதிய வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் பதினோரு மாதம் வழக்கத்துக்கு வந்தது. ஆனால் 2017ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கிற பதிவு வேறு. அந்தச் சட்டம் பொருந்தும் நகர்ப்புறங்களில், காலம் எவ்வளவாக இருந்தாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை ஆணையத்திடம் பதிய வேண்டும். இதற்கு tenancy.tn.gov.in என்ற தளம் இருக்கிறது. பதினோரு மாதம்தானே, பதிவே தேவையில்லை என்று இருவரும் நம்பிக் கையெழுத்திட்டால், தகராறு வரும் நாளில்தான் இரண்டு பதிவும் ஒன்றல்ல என்பது தெரியவரும். சுருக்கத்தில் இதற்கு இடம் ஒதுக்கி, பதிகிற வேலை யாருடையது, செலவு யாருடையது, எந்தத் தேதிக்குள் என்று எழுதிவிட வேண்டும்.

பதினோரு மாதம் முடிந்தபின் என்ன ஆகும் என்பதற்கும் மாதிரிப் பத்திரங்களில் பெரும்பாலும் பதில் இல்லை. 2025 ஜூன் 1இல் குடிவந்தவரின் ஒப்பந்தம் 2026 ஏப்ரல் 30இல் முடிகிறது. புது ஒப்பந்தம் எழுதவில்லை, வீட்டையும் காலி செய்யவில்லை என்றால், சட்டப்படி அதே நிபந்தனைகளில் மாதத்துக்கு மாதம் நீட்டித்ததாகக் கொள்ளப்படும், அதுவும் அதிகபட்சம் ஆறு மாதம், அதாவது அக்டோபர் 31 வரை. “அதே நிபந்தனைகளில்” என்பதைக் கவனியுங்கள். ஒப்பந்தத்தில் உயர்வு எழுதவில்லை என்றால் மே மாதம் பழைய வாடகையே. உயர்வு ஐந்து சதவீதம் என்று எழுதியிருந்தாலும் கேள்வி முடியவில்லை. ரூ.15,000 வாடகை மீது மட்டும் என்றால் ரூ.15,750. பராமரிப்புக் கட்டணம் ரூ.1,500ஐயும் சேர்த்தால் ரூ.16,500 ரூ.17,325 ஆகிறது. “பத்து மாத வாடகை அட்வான்ஸ்” என்று எழுதியிருப்பதால் அட்வான்ஸும் ரூ.1,57,500 ஆக வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்கலாம், புதிதாக ரூ.7,500. ஐந்து சதவீதம் என்ற இரண்டு சொற்களுக்குள் இத்தனை பேச்சு இருக்கிறது. இதையெல்லாம் சுருக்கத்தில் சதவீதமாக எழுதாமல் ரூபாயாகவே எழுத வேண்டும் என்பது என் துணிபு. “2026 மே முதல் மாதம் ரூ.15,750, பராமரிப்பு ரூ.1,500 மாறாது, அட்வான்ஸ் உயராது” என்று எழுதினால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும், வாதத்துக்கும் இடமிருக்காது.

முன்னறிவிப்புக் காலத்தையும் இதே முறையில் தேதி போட்டு எழுதினால் அதில் மறைந்திருக்கும் ஏற்றத்தாழ்வு தெரியும். குடியிருப்பவர் இரண்டு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும், வீட்டுக்காரர் ஒரு மாதம் முன்னதாகச் சொன்னால் போதும் என்று பல மாதிரிகளில் இருக்கும், வேறு வேறு பத்தியில், கண்ணுக்குப் படாமல். ஆறு மாத லாக்-இன் என்றும் ஒரு வரி வரும். அது இருவரையும் கட்டுமா, ஒருவரை மட்டுமா என்று அங்கே இருக்காது. இரண்டையும் ஒரே இடத்தில், அடுத்தடுத்த வரியில் வைத்தால் போதும், பேச வேண்டியதை இருவரும் தாமாகவே பேசுவார்கள்.

மின்சாரத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட் இலவசம், அதன்பின் பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் படிப்படியாகக் கூடும். மூன்று குடித்தனங்களுக்கு ஒரே இணைப்பு, ஆளுக்கொரு சப்-மீட்டர் என்று இருந்தால், மொத்தப் பயன்பாடு மேல் படிக்கு ஏறி, குறைவாகச் செலவழித்தவரும் கூடுதல் விலை கொடுக்க நேரும். சிலர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை வைத்துவிடுவார்கள். தனி இணைப்பா, சப்-மீட்டரா, இலவச நூறு யூனிட்டின் பலன் யாருக்கு, குடிவந்த நாளில் மீட்டர் எண் என்ன காட்டியது என்பவற்றைச் சுருக்கத்தில் எழுதிவிட வேண்டும். விருந்தினர், வளர்ப்புப் பிராணி, உள்வாடகை போன்ற ஷரத்துகளுக்குத் தலா ஒரு வரி போதும். வீட்டுக்காரர் வீட்டுக்குள் வருவதைப் பற்றி மட்டும் ஒரு சொல் கூடுதலாக வேண்டும்: 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்லிவிட்டு வர வேண்டும் என்கிறது சட்டம். இந்த எழுத்து வாட்ஸ்அப் செய்தியாக இருந்தால் போதுமா என்பதை இருவரும் இப்போதே முடிவு செய்துகொள்வது நல்லது.

இனி ஆட்சேபங்களுக்கு வருகிறேன். வழக்கறிஞர்கள் சொல்வது கனமான ஆட்சேபம்: ஒரே உடன்பாட்டுக்கு இரண்டு எழுத்துகள் இருந்தால், இரண்டும் முரண்படும் நாளில் எது செல்லும்? பத்திர நடை காரணமில்லாமல் அப்படி வளரவில்லை, அதன் சொற்களுக்கு நீதிமன்றம் பலமுறை பொருள் சொல்லியிருக்கிறது, எளிய சொல்லுக்கு அந்த உறுதி இல்லை என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. சுருக்கத்தின் அடியில் “இது புரிதலுக்காக மட்டும், சட்டப்படி செல்லாது” என்று எழுதினால் தகராறில் அது கைகொடுக்காது. “இதுவும் ஒப்பந்தத்தின் பகுதி” என்று எழுதினால் இரண்டு ஒப்பந்தங்கள் உண்டாகிவிடும். என் பதில், சுருக்கத்துக்குத் தனி அதிகாரம் எதுவும் கொடுக்கத் தேவையில்லை என்பதே. சுருக்கத்தை எழுதும்போது வெளிவருகிற ஓட்டையைப் பத்திரத்திலேயே அடைத்துவிட வேண்டும். முப்பது நாள் என்று சுருக்கத்தில் ஒப்புக்கொண்டால், பத்திரத்தின் அட்வான்ஸ் ஷரத்திலும் முப்பது நாள் என்று ஏற்றிய பிறகுதான் கையெழுத்து. அப்போது இரண்டும் ஒன்றையே சொல்லும், எது செல்லும் என்ற கேள்வியே எழாது. இப்படி ஏற்றுவது அவசியம்கூட. எழுத்தில் இருக்கும் நிபந்தனைக்கு முரணாக வாய்ப்பேச்சைச் சாட்சியாகக் கொண்டுவருவதை 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் தடுத்திருந்தது, அதன் இடத்தில் வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டமும் தடுக்கிறது. “வாயால் அப்படித்தானே சொன்னீர்கள்” என்பதற்கு நீதிமன்றத்தில் மதிப்பு மிகக் குறைவு.

எளிய மொழியில் எழுதினால் சட்ட உறுதி போய்விடும் என்ற அச்சத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. நியூயார்க் மாநிலம் 1978 முதல் வீட்டு வாடகை ஒப்பந்தங்களைத் தெளிவாகவும் கோவையாகவும் அன்றாடப் பொருளுள்ள சொற்களைக் கொண்டும் எழுத வேண்டும் என்று சட்டமே செய்திருக்கிறது. அந்தச் சட்டம் ஒரு புத்திசாலித்தனமான காரியத்தைச் செய்தது: மொழி புரியவில்லை என்பதற்காக ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்றும், ஆனால் புரியாத ஒப்பந்தத்தைக் கொடுத்த வீட்டுக்காரர் நஷ்டத்துக்கும் சிறு அபராதத் தொகைக்கும் பொறுப்பாவார் என்றும் பிரித்து வைத்தது. வழக்கும் வாடகையும் நிறைந்த அந்த மாநிலத்தில் ஒப்பந்தப் பத்திரமே எளிய மொழியில் இருக்கலாம் என்றால், இங்கே கூடுதலாக ஒரு பக்கச் சுருக்கம் வைப்பதால் சட்டம் நிலைகுலைந்துவிடாது.

இன்னொரு ஆட்சேபம் வழக்கறிஞருடையது அல்ல, வீட்டுக்காரருடையது. இவ்வளவு கேள்வி கேட்பவர் நாளைக்கு வம்புக்காரராக இருப்பார், வேறு ஆளைப் பார்க்கலாம் என்பது. கிராக்கியுள்ள பகுதிகளில் வீடு தேடுபவருக்கு இந்தப் பயம் நியாயமானது, அவருக்குப் பேரம் பேசும் பலம் குறைவு என்பதை நான் மறுக்கவில்லை. சுருக்கம் எழுதுவதால் அந்தப் பலம் கூடிவிடாது. மோசமான ஷரத்து எளிய தமிழிலும் மோசமாகவே இருக்கும். ஆனாலும் தெரிந்து ஒப்புக்கொள்வதற்கும் தெரியாமல் மாட்டிக்கொள்வதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை போகும் என்று முன்பே தெரிந்தவர் அதை வீட்டின் விலையில் சேர்த்துக் கணக்குப் போட்டு, வேறு வீட்டோடு ஒப்பிட்டு முடிவெடுக்க முடியும். வீட்டுக்காரருக்கோ இதில் இழப்பே இல்லை. வாடகை இரண்டு மாதம் பாக்கி வைத்ததாலோ, அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு விட்டதாலோ வீட்டைத் திரும்பக் கேட்டு அவர் வாடகை நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால், தேதியும் தொகையும் துல்லியமாக உள்ள ஒப்பந்தம் அவர் பக்கம்தான் நிற்கும். தெளிவற்ற ஷரத்தால் அவருக்குத்தான் தாமதம்.

சுருக்கத்தை யார் எழுதுவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. குடிவருபவரே, தான் புரிந்துகொண்டதைத் தன் சொற்களில் எழுத வேண்டும். வீட்டுக்காரரோ தரகரோ எழுதிக் கொடுத்தால் அது இன்னொரு மாதிரிப் பத்திரமாகி, படிக்காமலே கையெழுத்தாகும். குடிவருபவர் எழுதியதை வீட்டுக்காரர் படிக்கும்போது “நான் அப்படிச் சொல்லவில்லையே” என்று எந்த வரியில் நிறுத்துகிறாரோ, அந்த வரிதான் பத்திரத்தில் திருத்த வேண்டிய இடம். தமிழ் படிக்கத் தெரியாத வெளிமாநிலத்தவர் குடிவந்தால் அவர் தன் மொழியில் எழுதட்டும், இருவருக்கும் பொதுவான ஒருவர் படித்துச் சொல்லட்டும். இந்த வேலைக்கு ஒரு மாலைப் பொழுது போதும், அதுவும் அட்வான்ஸ் கைமாறுவதற்கு முந்தைய மாலையாக இருக்க வேண்டும். பணம் கைமாறிய பிறகு கேள்வி கேட்கும் தைரியம் யாருக்கும் வராது.

எல்லாம் முடிந்து கையெழுத்தான பின், ஒப்பந்தத்தின் இரண்டு அசல்களில் ஒன்றை வீட்டுக்காரர் பதினைந்து நாளுக்குள் குடியிருப்பவரிடம் கொடுத்தாக வேண்டும் என்பதும் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. பலருக்கு இன்று கிடைப்பது ஜெராக்ஸ் மட்டுமே. அசலைக் கேட்டு வாங்குங்கள், திருத்திய ஷரத்துகள் அதில் ஏறியிருக்கின்றனவா என்று ஒருமுறை சரிபாருங்கள், சுருக்கத்தை அதோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.